நிதி ஆலோசகரைப் பார்க்கப் போகிறீர்களா? பையில் முதலில் கடன் சீட்டை வையுங்கள்

"நிதி ஆலோசகர்னா பணக்காரங்களுக்குத்தானுங்களே? மூணு ஏக்கர் வெச்சிருக்கிற நமக்கெதுக்குங்க?" என்று எங்கள் பால் சொசைட்டியில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். நானும் என் மனைவியும் ஈரோட்டுக்குப் போய் ஓர் ஆலோசகரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இதே கேள்விதான். எவ்வளவு வாங்கினார், என்னென்ன கேட்டார், எந்தெந்தக் காகிதம் கொண்டு போக வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட நம் இதழில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எங்களுக்குக் கோபி பக்கம் மூன்றே கால் ஏக்கர் இருந்தது. மஞ்சள், கொஞ்சம் தென்னை, மூன்று கறவை மாடு. சாலையை அகலப்படுத்தியதில் 30 சென்ட் போனது. இழப்பீடாக 18 லட்ச ரூபாய் என் வங்கிக் கணக்கில் வரவானது. அந்த வாரமே அந்த வங்கிக் கிளையிலிருந்து ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். வருடம் 3 லட்சம் வீதம் ஐந்து வருடம் கட்டினால் போதும், பிறகு நிச்சயமான வருமானம் என்று ஒரு காப்பீட்டுத் திட்டத்தைச் சொன்னார். "இதுல உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் தம்பி?" என்று என் மனைவி கேட்டார். அதற்கு மட்டும் பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து சீட்டுக் கம்பெனிக்காரர் வந்தார். அடுத்து மனை விற்பவர். எல்லோருக்கும் டீ கொடுத்து அனுப்பிவிட்டு, விற்க எதுவும் இல்லாத ஒருவரிடம் கேட்க வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பதில்தான் முதல் சிக்கல். பெயர்ப் பலகையில் எல்லோரும் ஆலோசகர்தான். வேறுபாடு பலகையில் தெரியாது, பதிவு எண்ணில்தான் தெரியும். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு, முதலீட்டு ஆலோசகர்களுக்கென்று 2013ல் தனி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. அதன்படி பதிவு செய்தவரின் எண் INA என்ற மூன்று எழுத்தில் தொடங்கும். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தருக்கு ARN என்று தொடங்கும் எண் இருக்கும். காப்பீட்டு முகவருக்கு இருப்பது காப்பீட்டு ஆணையத்தின் விதிகளின்படி காப்பீட்டு நிறுவனம் தரும் நியமனம்.

INA எண் உள்ளவர் நம்மிடம் கட்டணம் வாங்குகிறார். நமக்கு ஆலோசனை சொல்லிக் கட்டணம் வாங்கிவிட்டு, அதே நம்மிடம் ஒரு திட்டத்தை விற்றுக் கமிஷனும் வாங்க அவருக்கு அனுமதி இல்லை. ARN உள்ளவர் நம்மிடம் ஒன்றும் வாங்க மாட்டார். ஃபண்ட் கம்பெனி அவருக்கு வருடா வருடம் கமிஷன் கொடுக்கும், அது நம் முதலீட்டிலிருந்துதான் போகும். விநியோகஸ்தர் எல்லாம் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக நடப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் உரம் விற்கும் கடைக்காரரிடமே பயிருக்கு என்ன நோய் என்று கேட்பதற்கும், வேளாண்மை அலுவலரிடம் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா?

பதிவு எண்ணைச் சரிபார்க்க sebi.gov.in தளத்தில் Recognised Intermediaries என்ற பட்டியல் இருக்கிறது. என் மகள் கைப்பேசியில் அதைத் திறந்து, பெயர், ஊர், எண், பதிவு எதுவரை செல்லும் என்பதை எல்லாம் பார்த்துச் சொன்னாள். ஐந்து நிமிட வேலை. அந்தப் பட்டியலில் பெயர் இருப்பதால் நம் பணம் பெருகும் என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் தவறு நடந்தால் யாரிடம் புகார் செய்வது என்ற இடம் தெரியும்.

நாங்கள் பார்த்தவர் நாற்பது வயதுள்ள ஒரு பெண். தொலைபேசியில் பேசியபோதே மூன்று விஷயங்களைச் சொன்னார். முதல் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. இரண்டு பேருக்கும் பிடித்திருந்தால் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, எழுத்தில் ஒரு திட்டம் தயாரித்துத் தர 12,000 ரூபாய். அதையும் ரொக்கமாக வாங்க மாட்டேன், வங்கி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். ஒப்பந்தத்துக்கு முன்பு பணம் வாங்கக் கூடாது, ரொக்கம் கூடாது என்பதெல்லாம் அவர் வைத்துக்கொண்ட வழக்கம் இல்லை, செபி விதியே அதுதான். கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும். நீங்கள் போகும் இடத்தில் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம்.

"வரும்போது அக்காவையும் கூட்டிட்டு வாங்கண்ணா. அவங்க இல்லாம நான் பேச மாட்டேன்" என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையிலேயே என் மனைவிக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பையில் என்னென்ன

வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினார். ஆதார், பான் அட்டை, எல்லா வங்கிகளின் பாஸ்புக்கும் ஒரு வருடப் பதிவு போட்டு. இது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். பான் அட்டை என் மனைவியிடமும் இருக்கிறதா என்று தனியாகக் கேட்டார். பான் கொடுக்காவிட்டால் வைப்பு நிதி வட்டியில் 10 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள் என்பது காரணம்.

பட்டியலில் எங்களை யோசிக்க வைத்தது கடன் பகுதிதான். சேமிப்பு பற்றிய காகிதங்களுக்கு முன்னால் அதைப் போட்டிருந்தார். கிசான் கிரெடிட் கார்டு கணக்கின் விவரம், நகை அடகுச் சீட்டுகள், கூட்டுறவு சங்கக் கடன், புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கிய கடன், சீட்டு எடுத்திருந்தால் இன்னும் எத்தனை தவணை பாக்கி என்பது வரை கேட்டிருந்தார். வாய்க்கணக்காக வாங்கியதையும் ஒரு தாளில் எழுதி, யாரிடம் என்று பெயர் போட வேண்டாம், தொகையும் வட்டியும் போதும் என்று சொல்லியிருந்தார். நம் பக்கம் பலர் இதை மறைக்கத்தான் பார்ப்பார்கள். டாக்டரிடம் சர்க்கரை இருப்பதைச் சொல்லாமல் காய்ச்சலுக்கு மட்டும் மருந்து கேட்கிற மாதிரிதான் அது.

அடுத்தது காப்பீட்டுப் பாலிசிகள். பிரீமியம் கட்டிய ரசீது போதாது, பாலிசிப் பத்திரமே வேண்டும். எவ்வளவு தொகைக்குக் காப்பீடு, எப்போது முடிகிறது, நாமினி யார் என்பதெல்லாம் அதன் முதல் பக்கத்தில்தான் இருக்கும். கல்யாணத்துக்கு முன்பு எடுத்த பாலிசிகளில் நாமினியாக அப்பா அம்மா பெயரே தொடரும், அதனால் அவர் எந்தப் பத்திரத்தை எடுத்தாலும் அந்த வரியைத்தான் முதலில் பார்க்கிறார்.

நிலத்துக்குச் சிட்டா நகலும், இழப்பீட்டு உத்தரவின் நகலும் போதும் என்றார். மூலப் பத்திரத்தை எடுத்து வர வேண்டாம் என்று அழுத்திச் சொன்னார். எந்த ஆலோசகருக்கும் மூலப் பத்திரம் தேவைப்படாது. கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை, வெற்றுப் படிவம், ஏடிஎம் ரகசிய எண், கைப்பேசிக்கு வரும் ஓடிபி, இவையும் அப்படித்தான்.

கடைசியாக ஒரு தாள் கேட்டிருந்தார். அதைத் தயாரிக்கத்தான் எங்களுக்கு இரண்டு ராத்திரி ஆனது. பன்னிரண்டு மாதத்தையும் வரிசையாக எழுதி, ஒவ்வொரு மாதமும் கைக்கு வருவது எவ்வளவு, போவது எவ்வளவு என்று போட வேண்டும். பால் பணம் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருகிறது. தீவனம் போக மாதம் 9,000 நிற்கும். தேங்காய் இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு. மஞ்சள் பணம் வந்தால் மார்ச்சிலிருந்து மே வரைக்குள். செலவோ, ஜூனில் விதை மஞ்சளும் எருவும் பள்ளிக் கட்டணமும் சேர்ந்து வரும். செப்டம்பரில் பாலிசி பிரீமியம். ஜனவரி, பிப்ரவரியில் வெட்டுக்கூலி, வேக வைக்க, பாலிஷ் போட என்று மறுபடி கைப்பிடிப்பு. எழுதி முடித்துப் பார்த்தால் வருடத்தில் ஐந்து மாதம் மைனஸில் நிற்கிறோம் என்பது பளிச்சென்று தெரிந்தது. மாதக் கடைசியில் சம்பளம் வாங்குபவருக்கு இந்தத் தாளே தேவையில்லை. நமக்கு மற்ற எல்லாக் காகிதத்தையும்விட இதுதான் முக்கியம்.

அங்கே நடந்தது

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். முதல் முக்கால் மணி நேரம் நாங்கள்தான் கேட்டோம். வீட்டிலேயே எழுதிக்கொண்டு போன கேள்விகள். உங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? எங்களைத் தவிர வேறு யாராவது எங்களுக்காக உங்களுக்குக் கொடுப்பார்களா? நீங்கள் சொல்வதை உங்கள் மூலமாகத்தான் வாங்க வேண்டுமா, நாங்களே நேராக வாங்கிக்கொள்ளலாமா? திட்டம் எழுதிக் கொடுத்த பிறகு ஒரு சந்தேகம் என்றால் மறுபடி கட்டணமா? விவசாயிகள் யாராவது உங்களிடம் வந்திருக்கிறார்களா?

கடைசிக் கேள்விக்கு, "ரொம்பப் பேர் இல்லீங்கண்ணா, ஆறேழு குடும்பம்தான். உங்க கணக்கு எனக்கும் பாடம்தான்" என்றார். பூசி மெழுகாமல் சொன்னது எனக்குப் பிடித்தது. வாங்குவது பற்றிக் கேட்டதற்கு, மியூச்சுவல் ஃபண்டுகளில் நேரடித் திட்டம் என்று ஒன்றும், ரெகுலர் திட்டம் என்று ஒன்றும் இருப்பதை விளக்கினார். இரண்டும் ஒரே ஃபண்ட்தான். ரெகுலரில் விநியோகஸ்தரின் கமிஷன் சேர்ந்திருக்கும். அந்த வித்தியாசம் வருடத்துக்கு ஒரு சதவீதம் என்று வைத்தால், 5 லட்சத்துக்கு 5,000 ரூபாய். நாமே வாங்கத் தெரிந்தால் அந்தப் பணம் நமக்கு. தெரியாவிட்டால், ஒருவர் கூடவே இருந்து படிவம் நிரப்பித் தர அதைக் கூலியாக நினைத்துக்கொள்ளலாம். இரண்டில் எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று விட்டுவிட்டார்.

பிறகு அவர் முறை. ஒரு கேள்வித்தாளை எடுத்தார். நம்மால் எவ்வளவு நட்டத்தைத் தாங்க முடியும் என்று பார்ப்பதற்கான தாள் அது. ஆலோசனை சொல்லும் முன் இதை அவர் கட்டாயம் செய்ய வேண்டும். "ஒரு லட்சம் போட்டது ஒரு வருஷத்துல எழுபதாயிரம் ஆயிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். மஞ்சளை குவிண்டால் 6,000க்கும் விற்றிருக்கிறேன், 13,000க்கும் விற்றிருக்கிறேன். எழுபதுக்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "தைரியம் இருக்குதுங்கண்ணா, ஒத்துக்கறேன். ஆனா உங்க காடே ஏற்கெனவே சூதாட்டம் மாதிரிதான். மழையும் விலையும் கைவிடற அதே வருஷம் இந்தப் பணமும் குறைஞ்சு நின்னா, அப்போ பாப்பாவுக்குக் காலேஜ் ஃபீஸ் எங்கிருந்து எடுப்பீங்க?" என்று கேட்டார். நட்டத்தைப் பார்த்துப் பயப்படாமல் இருப்பது வேறு, நட்டத்தைத் தாங்கும் அளவு கையிருப்பு இருப்பது வேறு என்றார். சம்பளக்காரர்களுக்கென்று அச்சடித்த தாளில் எனக்கு அதிக மதிப்பெண் வந்திருந்தது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பன்னிரண்டு மாதத் தாளைப் பக்கத்தில் வைத்துக் குறைத்துப் போட்டுக்கொண்டார். உங்கள் ஆலோசகர் இப்படிச் செய்யவில்லை என்றால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்து கடன் சீட்டுகளைப் பரப்பினார். ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் நகை அடகு இரண்டரை லட்சம், வட்டி வருடத்துக்கு 18 சதவீதம். புரோநோட்டில் ஒரு லட்சம், இரண்டு ரூபாய் வட்டி, அதாவது 24 சதவீதம். கிசான் கார்டில் 1,60,000. அவர் போட்ட கணக்கு இது. நகைக்கு வருட வட்டி 45,000, புரோநோட்டுக்கு 24,000, ஆக 69,000 ரூபாய். அந்த மூன்றரை லட்சத்தைக் கடனைத் தீர்க்காமல் 7 சதவீத வைப்பு நிதியில் போட்டால் கிடைப்பது 24,500. "எந்த முதலீட்டைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடியும் இந்த ரெண்டையும் முடிச்சுட்டு வாங்க. நகை வீட்டுக்கு வந்துரும்."

நான் கிசான் கார்டையும் சேர்த்து அடைத்துவிடலாமா என்றேன். அங்கேதான் வேறு மாதிரி சொன்னார். 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். தவணைத் தேதிக்குள் கட்டிவிட்டால் 3 சதவீதம் தள்ளுபடி போக 4 சதவீதம்தான். 1,60,000க்கு வருடம் 6,400 ரூபாய். இவ்வளவு குறைந்த வட்டிக்கு வேறு எங்கும் கிடைக்காது, அதை மூட வேண்டாம். ஆனால் தேதி தவறினால் அந்தத் தள்ளுபடி போய்விடும். நம்மில் பலர் புதுப்பிக்கும் நாளில் என்ன செய்கிறோம்? இரண்டு நாளைக்கு யாரிடமாவது வட்டிக்கு வாங்கிக் கட்டி, மறுபடி எடுத்துத் திருப்பிக் கொடுக்கிறோம். அதற்கு அவர் சொன்ன வழி, 1,70,000 ரூபாயைத் தனியாக ஒரு கணக்கில் வைத்து, தேதிக்கு ஒரு வாரம் முன்பு கட்டி, புதுப்பித்து எடுத்ததும் அதே கணக்கில் திரும்பப் போட்டுவிடுவது. ஒரே பணம் வருடா வருடம் இந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கு நம் மாநிலத்தில் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை, அவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

அடுத்தது கையிருப்பு. வீட்டுச் செலவு ஆறு மாதத்துக்கு 1,20,000, ஓர் ஏக்கர் மஞ்சள் மொத்தமாகப் போனால் மறுபடி வைக்க ஒன்றரை லட்சம், மாடு சீக்கானால் என்று 30,000. ஆக மூன்று லட்சம், கேட்டவுடன் எடுக்கும்படி. இதற்கு வட்டி குறைவாகத்தான் வரும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்றார். மகள் இன்னும் இரண்டு வருடத்தில் கல்லூரிக்குப் போவாள். அதற்கு 5 லட்சம் வைப்பு நிதியில், கட்டணம் கட்டும் மாதத்துக்குச் சரியாக முதிர்வு வரும்படி. இரண்டு வருடத்தில் தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தை பக்கமே கொண்டு போகக் கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார்.

எந்த வங்கியில் போடுவது என்று பேச்சு வந்தபோது ஒன்று தெரிந்தது. வங்கி நொடித்துப்போனால் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு உண்டு. 18 லட்சமும் ஒரே இடத்தில் கிடந்தது. கூட்டுறவு வங்கிகளுக்கும் இந்தக் காப்பீடு உண்டு. ஆனால் ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் வைப்புக்கு அது கிடையாது. சங்கத்தில் அரை சதவீதம் கூடத் தருகிறார்கள் என்று போடுபவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போடட்டும்.

பாலிசிகளைப் பார்த்தார். இரண்டு பாலிசி, வருடம் 24,000 பிரீமியம், மொத்தக் காப்பீடு 4 லட்சம். உடனே மூடுங்கள் என்று சொல்வார் என்று நினைத்தோம். சொல்லவில்லை. கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, இன்று சரண்டர் செய்தால் எவ்வளவு, இனி பிரீமியம் கட்டாமல் அப்படியே விட்டால் முதிர்வில் எவ்வளவு, தொடர்ந்து கட்டினால் இதுவரை சேர்ந்த போனஸ் எவ்வளவு, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கி வரச் சொன்னார். அது கைக்கு வராமல் மூடு என்று சொல்பவரும் சரி, தொடர் என்று சொல்பவரும் சரி, குருட்டுக் கணக்குதான் போடுகிறார்.

பாஸ்புக்கைப் புரட்டும்போது மே மாதப் பக்கத்தில் நிறுத்தினார். என் கணக்கில் 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடித்திருந்தார்கள். முதலாவது பிரதமரின் ஜீவன் ஜோதி, உயிர் போனால் 2 லட்சம். இரண்டாவது சுரக்ஷா, விபத்துக்கு 2 லட்சம். மனைவியின் கணக்கில் இரண்டும் இல்லை. ஜீவன் ஜோதியில் 50 வயது வரை சேரலாம், அவருக்கு 42. "ஏனுங்க, மாடு கன்னுக்கெல்லாம் இன்சூரன்ஸ் போட்டிருக்குது, எனக்கு இல்லையாமா?" என்று அங்கேயே கேட்டார். மறுநாளே வங்கிக்குப் போய் எழுதிக் கொடுத்தோம். பெரிய தொகைக்கு டேர்ம் காப்பீடு எடுக்க வருமானச் சான்று கேட்பார்கள் என்றும், விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்றாலும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து வந்தால் அதில் காட்ட உதவும் என்றும் சொன்னார். இழப்பீட்டுத் தொகைக்கு வரி உண்டா என்ற கேள்விக்கு மட்டும், உத்தரவு நகலோடு ஆடிட்டரைப் பாருங்கள், அது என் வேலை இல்லை என்று நிறுத்திக்கொண்டார்.

வெறுங்கையோடு திரும்புவீர்கள்

இதெல்லாம் போக மிச்சம் 4,80,000. எதில் போடலாம் என்று கேட்டேன். "இன்னிக்குச் சொல்ல மாட்டேனுங்கண்ணா" என்று முடித்துவிட்டார். கடனை அடைத்த ரசீது, பாலிசிக் கடிதம், ஆடிட்டர் சொன்ன பதில், இவை வந்த பிறகுதான் எழுத்தில் திட்டம். நான் பக்கத்துக் காட்டில் அரை ஏக்கர் விலைக்கு வருகிறது என்றதையும் குறித்துக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முதல் சந்திப்பில் எந்தத் திட்டத்தின் பெயரும் காதில் விழாது. இதை எதிர்பார்த்துப் போங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் வேலை கெட்டுப் பேருந்துக் காசும் போனதே என்றுதான் தோன்றும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கையெழுத்துக்குப் படிவத்தையும் நீட்டுகிறார் என்றால், நீங்கள் போவதற்கு முன்பே அது முடிவாகியிருந்தது என்று அர்த்தம். இவ்வளவு வருமானம் நிச்சயம் என்று வாயால் உத்தரவாதம் தருபவரும் அப்படித்தான். செபி பதிவு பெற்றவர் அப்படி உத்தரவாதம் தரவே கூடாது. 2012ல் ஈமு கோழித் திட்டங்கள் விழுந்தபோது எங்கள் மாவட்டம் பட்ட பாடு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அங்கேயும் மாதா மாதம் நிச்சயம் என்றுதான் ஆரம்பித்தது. இன்னொன்று, ஆலோசகர் நம் பணத்தைத் தன் கணக்கில் வாங்கிப் போடமாட்டார். கட்டணம் மட்டும்தான் அவர் கணக்குக்கு. மற்றதெல்லாம் நம் கணக்கிலிருந்து வங்கிக்கோ, தபால் நிலையத்துக்கோ, ஃபண்டுக்கோ நேராகப் போக வேண்டும்.

மாதா மாதம் கட்டும் எஸ்ஐபி பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். தேதிக்குக் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் வங்கி அபராதம் பிடிக்கும். அதனால் பால் பணத்தில் தாங்கும் அளவுக்கு, மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ, பால் பணம் ஏறும் தேதிக்கு மூன்று நாள் தள்ளி வைத்துக்கொள்ளலாம். மஞ்சள் விற்ற பிறகு மொத்தமாக ஒரு தொகை போட்டுக்கொள்ளலாம். அதுவும் எவ்வளவு என்பது திட்டத்தில்தான் வரும்.

நகையை மீட்டாயிற்று. புரோநோட்டைத் திருப்பி வாங்கிக் கிழித்தாயிற்று. பாலிசிக் கடிதத்துக்கு எழுதிக் கொடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது, இன்னும் வரவில்லை. வந்ததும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு 12,000 ரூபாயை அனுப்ப வேண்டும். எங்கள் மஞ்சள் வேகவைக்கும் வேலை முடிந்து அடுத்த வாரம் மனைவியே மறுபடி கிளைக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.